விழித்திரைப் படம் படிக்கும் மென்பொருளை வாங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நீரிழிவு நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்த்து, "இவரைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்", "இவருக்கு இப்போது தேவையில்லை" என்று பிரித்துச் சொல்லும் மென்பொருள்கள் இன்று விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்குவதற்கு டெண்டர் விவரக்குறிப்பு எழுதும் குழுக்களில் இருக்கும் மருத்துவர்கள், பொறியாளர்கள், கணக்கு அலுவலர்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். இந்த மென்பொருள்களின் உள்ளே படத்தைப் பார்த்து விடை சொல்லும் பகுதியை மாடல் என்பார்கள். அப்படிப் படம் பார்க்கும் மாடல்களைச் சோதிப்பதுதான் என் வேலை. யாராவது வேண்டுமென்றே படத்தை மாற்றி மாடலை ஏமாற்றுவதைப் பற்றி உங்கள் விவரக்குறிப்பில் ஒரு பகுதி சேர வேண்டும் என்று கேட்கிறேன். அதை எப்படி எழுதக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தவறாக எழுதினால் அது இல்லாமலிருப்பதைவிட மோசமாகப் போகும்.

இந்தத் துறைக்கும் நம் ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறியும் மாடலை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டபோது, அதைப் பழக்கப் பயன்பட்ட படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்து போனவை. இப்படிப்பட்ட மாடல்கள் நன்றாக வேலை செய்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நோய் இருப்பவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் எத்தனை பேரை வீணாக அலைய விடுகிறது என்ற இரண்டு எண்களையும் நீங்கள் கேட்கிறீர்கள். அதுவும் சரிதான். ஆனால் அந்த இரண்டு எண்களும் சாதாரணமாக எடுக்கப்பட்ட படங்களில் கிடைத்தவை. யாராவது வேண்டுமென்றே ஒரு படத்தை, கண்ணுக்குத் தெரியாத அளவில் மாற்றினால் மாடல் என்ன செய்யும் என்பதைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

இந்த விஷயம் 2013 முதல் வெளிப்படையாகத் தெரியும். கிறிஸ்டியன் செகெடியும் உடன் ஆய்வு செய்தவர்களும் அந்த ஆண்டின் இறுதியில் வெளியிட்ட கட்டுரையில், ஒரு பள்ளிப் பேருந்தின் படத்தை மிக லேசாக மாற்றி, மாடலை அது நெருப்புக்கோழி என்று சொல்ல வைத்தார்கள். மனிதர் பார்த்தால் இரண்டு படங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. அடுத்த ஆண்டு இயன் குட்ஃபெல்லோ, ஜொனாதன் ஷ்லென்ஸ், செகெடி மூவரும் காட்டிய பாண்டா படம் இன்னும் பிரபலம். கூக்லநெட் என்ற மாடல் அதை 57.7% நம்பிக்கையோடு பாண்டா என்றது. அதன்மேல் மிக மெல்லிய இரைச்சலைச் சேர்த்ததும், 99.3% நம்பிக்கையோடு கிப்பன் குரங்கு என்றது. சேர்த்த இரைச்சலின் அளவு 0.007. அந்த மாடல் படத்தை எண்களாக மாற்றும் முறையில், பிக்சல்களை 0 முதல் 255 வரையான எண்களால் குறிக்கும் 8 பிட் படம் ஒன்றில் இருக்கக்கூடிய மிகச் சிறிய படிக்குச் சமம் அது. 120 என்று இருந்த பிக்சல் 121 ஆகியிருக்கும், அல்லது 119. அவ்வளவுதான். மாடல் குழம்பித் தடுமாறியிருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். அது முன்பு சரியான விடையில் வைத்திருந்ததைவிட அதிக நம்பிக்கையைத் தவறான விடையில் வைத்தது. "மாடலின் நம்பிக்கை குறைவாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுவோம்" என்று விற்பனையாளர் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்தால்தான், எந்தச் சோதனை உண்மையான சோதனை என்பது புரியும்.

224க்கு 224 பிக்சல் உள்ள வண்ணப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். மொத்தம் 1,50,528 எண்கள். கணக்கு எளிதாக இருக்க, மாடல் இந்த எண்கள் ஒவ்வொன்றையும் ஓர் எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் 3 வந்தால் "நோய் உண்டு" என்பதற்கு 95% வாய்ப்பு என்று பொருள், 0 வந்தால் பாதிக்குப் பாதி, -3 வந்தால் 5%. எடைகள் சில கூட்டல், சில கழித்தல், ஆனால் ஒவ்வொன்றின் பருமனும் வெறும் 0.01. பிக்சல் மதிப்புகள் 0 முதல் 1 வரை என்று அளந்தால், 255 படிகளில் ஒரு படி என்பது சுமார் 0.0039.

இப்போது ஒவ்வொரு எண்ணையும் ஒரே ஒரு படி, காசு சுண்டிப் போட்டு, மேலேயோ கீழேயோ நகர்த்துவோம். ஒன்று மதிப்பெண்ணைக் கூட்டும், இன்னொன்று குறைக்கும், பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கடைசியில் மிஞ்சும் மாற்றம் சுமார் 0.015. மதிப்பெண் 3-லிருந்து 2.985 ஆகலாம். மாடல் அசையவே அசையாது.

அதே ஒரு படியை, காசு சுண்டாமல், எடையைப் பார்த்து நகர்த்துவோம். எடை கூட்டல் என்றால் பிக்சலைக் குறைக்க வேண்டும், எடை கழித்தல் என்றால் கூட்ட வேண்டும். இப்போது ஒன்றரை லட்சம் நகர்வுகளும் மதிப்பெண்ணைக் குறைக்கும் பக்கமே இழுக்கின்றன. மொத்த மாற்றம் 1,50,528 × 0.01 × 0.0039, அதாவது சுமார் 5.9. மதிப்பெண் 3-லிருந்து -2.9 ஆகிவிடும். "நோய் உண்டு, 95%" என்றிருந்தது "நோய் உண்டு, 5%" ஆகிவிட்டது. இரண்டு முறையும் படத்தில் நாம் செய்த மாற்றத்தின் அளவு ஒன்றேதான், கண்ணுக்கு இரண்டுமே தெரியாது. ஆனால் விளைவில் சுமார் 388 மடங்கு வித்தியாசம். தேர் வடத்தில் ஆயிரம் பேர் கை வைத்திருந்தாலும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நகராது, ஒரே பக்கம் இழுத்தால் நகரும், இல்லையா, அதுதான் இங்கே நடப்பது.

உண்மையான மாடல்கள் இப்படி ஒரே ஒரு கூட்டல் கணக்கு அல்ல. பல அடுக்குகள் உண்டு. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட படத்தைச் சுற்றியுள்ள சின்ன வட்டாரத்தில் அவை ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கின்றன. எந்தப் பிக்சலை எந்தப் பக்கம் நகர்த்தினால் விடை எவ்வளவு மாறும் என்பதற்கு கிரேடியன்ட் என்று பெயர். மாடலைப் பழக்கும்போது கணக்கிடும் அதே பொருள்தான். பழக்கும்போது மாடலின் எடைகளை மாற்ற அதைப் பயன்படுத்துகிறோம், தாக்கும்போது படத்தை மாற்றப் பயன்படுத்துகிறோம். உங்கள் குழுவின் பொறியாளருக்காக, குட்ஃபெல்லோ குழுவின் முறையை பைட்டார்ச் நிரலாகத் தருகிறேன்:

```python
x.requires_grad_(True)
loss = F.cross_entropy(model(x), y)
loss.backward()
x_adv = (x + eps * x.grad.sign()).clamp(0, 1)
```

இதில் `eps` என்பது அனுமதிக்கப்பட்ட மாற்றத்தின் அளவு, எப்சிலான். `sign()` என்பது மேலே சொன்ன "எடையைப் பார்த்து மேலேயா கீழேயா" என்ற முடிவு. நான்கு வரிதான். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, கணினி அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவர் மாலை நேரத்தில் செய்து பார்த்துவிடலாம்.

கூட்டல் கணக்கோடு முழுக் கதையும் முடிந்துவிடவில்லை. 2019-இல் ஆண்ட்ரூ இல்யாஸ், அலெக்சாண்டர் மாட்ரி உள்ளிட்டோர் ஒரு வியப்பான பரிசோதனை செய்தார்கள். படங்களை இப்படி மாற்றி, மாடல் தவறாகச் சொல்லும் பெயரையே அவற்றுக்குச் சரியான பெயராக ஒட்டினார்கள். மனிதர் பார்வையில் அந்தத் தொகுப்பு முழுக்க அபத்தம்: நாய்ப் படத்தின் கீழே பூனை என்று எழுதியிருக்கும். அந்தத் தொகுப்பில் மட்டும் ஒரு புதிய மாடலைப் பழக்கி, மாற்றப்படாத இயல்பான படங்களைக் காட்டியபோது, குருட்டு ஊகத்தைவிட மிக நன்றாகவே அது சரியான பெயரைச் சொன்னது. நமக்குத் தெரியாத அந்த மெல்லிய அமைப்புகளில் விடையோடு உண்மையாகவே சேர்ந்து வரும் தகவல் இருக்கிறது, மாடல் அதைப் படித்துக்கொள்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. விழித்திரைப் படத்தில் மருத்துவர் சிறு இரத்தக்கசிவையும் நுண்குழாய் வீக்கத்தையும் தேடுகிறார். மாடலும் அவற்றைத்தான் பார்க்கிறது என்று நம்மிடம் உறுதி எதுவும் இல்லை. அவற்றோடு சேர்ந்து வரும் வேறு எதையோ அது பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்த வேறு எதையோ துடைத்துவிட்டால், இரத்தக்கசிவு படத்தில் அப்படியே இருக்கும்போதே "நோயில்லை" என்று அது சொல்லலாம்.

இது வெறும் ஊகமல்ல. சாமுவேல் ஃபின்லேசன், ஐசக் கோஹேன் உள்ளிட்டோர் 2019-இல் சயன்ஸ் இதழில் மருத்துவ மாடல்களின் இந்தப் பலவீனத்தைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று வேலைகளில் ஒன்று நீரிழிவு விழித்திரை நோய். மற்ற இரண்டும் மார்பு எக்ஸ்ரேயும் தோல் மச்சமும். மூன்றிலும், கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தால் மாடலின் விடையைப் புரட்ட முடிந்தது.

சரி, யார் இதைச் செய்வார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதை மிகைப்படுத்தவும் கூடாது. முதலில், இது தற்செயலாக நடக்காது. கேமராவின் இயல்பான இரைச்சல் காசு சுண்டும் வகையைச் சேர்ந்தது, கணக்கில் பார்த்தபடி அது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தற்செயலாக வரும் சிக்கல்கள் வேறு மாதிரி: வெளிச்சம் போதாமை, மங்கல், கேமரா மாற்றம். தாய்லாந்து மருத்துவ நிலையங்களில் கூகுளின் கருவி நடைமுறைக்கு வந்தபோது, செவிலியர்கள் எடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தரம் போதாது என்று கருவியே மறுத்துவிட்டது, 2020-இல் வெளியான கள ஆய்வில் இது பதிவாகியிருக்கிறது. அந்தச் சிக்கலுக்குத் தனிச் சோதனை வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் விற்பனையாளரைக் கவனியுங்கள். "எங்கள் மாடலை இரைச்சல் சேர்த்தும் சோதித்துவிட்டோம்" என்று அறிக்கையில் இருக்கும். அது பெரும்பாலும் காசு சுண்டிய இரைச்சலாகத்தான் இருக்கும். அதில் தேறுவது குறிவைத்த இரைச்சலுக்கு எந்த உத்தரவாதமும் ஆகாது.

குறிவைத்து மாற்றுகிறவருக்கு இரண்டு விஷயங்கள் வேண்டும்: படத்தைக் கேமராவுக்கும் மாடலுக்கும் இடையில் தொடும் வாய்ப்பு, அதைச் செய்ய ஒரு காரணம். காரணம் பெரும்பாலும் பணமாகத்தான் இருக்கும், ஃபின்லேசன் குழுவும் மருத்துவக் கட்டணக் கோரிக்கைகளைத்தான் முதன்மையாகச் சுட்டியது. ஒரு சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகையை மாடலின் விடையைப் பார்த்து அனுமதிக்கும் ஏற்பாடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். நோயில்லாத கண்ணின் படத்தை "நோய் உண்டு" ஆக்கினால் பணம் வரும். படத்தைத் தொட முடிந்தவர் வேறொருவர் கண்ணின் படத்தையே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் இரத்த நாளங்களின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு, பழைய படத்தோடு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வார். மெல்லிய இரைச்சலில் அந்தத் தடயம் இல்லை. படம் அதே நோயாளியுடையதாகவே இருக்கும்.

"மாடலின் உட்புறம் யாருக்கும் தெரியாது, எங்கள் சர்வரில் பூட்டி வைத்திருக்கிறோம்" என்பது அடுத்து வரும் பதில். இது போதாது. ஒரு மாடலுக்காகச் செய்த இரைச்சல் இன்னொரு மாடலையும் அடிக்கடி ஏமாற்றுகிறது என்பதை 2013 கட்டுரையே கண்டு சொன்னது. நிக்கோலஸ் பேப்பர்நாட் குழு 2016-இல் இதையே முறையாகச் செய்து காட்டியது. கையெழுத்து இலக்கங்களைப் படிக்கும் இணையவழிச் சேவை ஒன்றிடம் 6,400 கேள்விகள் கேட்டு, அதன் விடைகளை வைத்து வீட்டிலேயே ஒரு மாற்று மாடலைப் பழக்கி, அந்த மாற்றின் கிரேடியன்ட்டைக் கொண்டு படங்களை மாற்றினார்கள். அசல் சேவை அவற்றில் 84% படங்களைத் தவறாகப் படித்தது. மருத்துவ மென்பொருள்கள் பலவும் எல்லோருக்கும் கிடைக்கும் பொது மாடல்களை அடித்தளமாகக் கொண்டு அதன்மேல் பழக்கப்படுகின்றன என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். பூட்டு இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஜேபெக் சுருக்கமும் அப்படித்தான். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும்போது மெல்லிய இரைச்சலில் ஒரு பகுதி அழியும், உண்மை. ஆனால் அலெக்சி குராக்கின், குட்ஃபெல்லோ, சாமி பெஞ்சியோ மூவரும் 2016-இல் மாற்றிய படங்களைத் தாளில் அச்சிட்டு, செல்பேசியில் மீண்டும் படம்பிடித்து மாடலிடம் காட்டினார்கள். அச்சு, வெளிச்சம், லென்ஸ் எல்லாவற்றையும் தாண்டியும் கணிசமான படங்கள் ஏமாற்றின. சுருக்கம் நடக்கும் என்று முன்பே தெரிந்தவர் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் இரைச்சலைச் செய்வார்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் விவரக்குறிப்பில், "இத்தகைய தாக்குதலுக்கு எதிராக மாடல் 90% துல்லியம் காட்ட வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்க நினைக்கலாம். தயவுசெய்து அப்படிச் சேர்க்காதீர்கள்.

ஏன் என்பதற்கு மாட்ரி குழு 2017-இல் வெளியிட்ட ஓர் அட்டவணை போதும். பத்து வகைச் சின்னப் படங்கள், 255-இல் 8 படி வரை மாற்றம் அனுமதி. வழக்கமாகப் பழக்கிய மாடலுக்கு இயல்பான படங்களில் 95.2% துல்லியம். பல சிறு படிகளாக முன்னேறும் தாக்குதலில், அதைப் பிஜிடி என்பார்கள், அது 3.5% ஆனது. இரண்டாவது மாடலுக்கு, மேலே நான்கு வரியில் காட்டிய ஒற்றைப் படித் தாக்குதலின் படங்களைக் காட்டிக் காட்டியே பயிற்சி கொடுத்தார்கள். அதே ஒற்றைப் படித் தாக்குதலில் அது 95.1% எடுத்தது. அற்புதமான எண். பிஜிடியில் அதன் துல்லியம் 0.0%.

அந்த இரண்டாவது மாடலின் விற்பனையாளர் உங்கள் முன் வந்து உட்கார்ந்தால், கையில் 95.1% என்ற உண்மையான அறிக்கை இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. உங்கள் 90% நிபந்தனையைத் தாண்டியும் விட்டார். நீங்கள் வாங்கியது கொஞ்சம் பொறுமையான தாக்குதலுக்கு முழுமையாகத் திறந்து கிடக்கும் மாடல்.

அந்த மாடல் கற்றுக்கொண்டது கிரேடியன்ட்டை மறைப்பதற்கு. படத்துக்கு மிக அருகில் தன் பரப்பை வளைத்துக்கொண்டு, கிரேடியன்ட் தவறான பக்கத்தைக் காட்டும்படி செய்துவிட்டது. ஓட்டை அப்படியே இருக்கிறது, அதற்கு வழிகாட்டும் பலகையை மட்டும் திருப்பி வைத்துவிட்டது. வேண்டுமென்று யாரும் செய்யாமலேயே பயிற்சியில் இது தானாக வரும். அனீஷ் அத்தால்யே, நிக்கோலஸ் கார்லினி, டேவிட் வாக்னர் மூவரும் 2018-இல் ஒரு பெரிய மாநாட்டில் ஏற்கப்பட்ட 9 பாதுகாப்பு முறைகளை எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றில் 7 இப்படி மறைப்பதை நம்பியே நின்றன. அந்த ஏழில் 6 முழுமையாக உடைந்தன, 1 ஓரளவு. அந்த முறைகளை எழுதியவர்கள் நேர்மையான, திறமையான ஆய்வாளர்கள். அவர்களாலேயே தங்கள் எண்ணைச் சரியாக அளக்க முடியவில்லை என்றால், டெண்டர் வெல்ல வேண்டிய நெருக்கடியில் இருக்கும் நிறுவனத்திடம் உயர்ந்த எண்ணைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மாட்ரி குழுவின் மூன்றாவது மாடல் பிஜிடி படங்களைக் காட்டியே பழக்கப்பட்டது. பிஜிடியில் அது 45.8% எடுத்தது. இந்த எண் நின்றது, நேர்மையானது. ஆனால் இயல்பான படங்களில் அதன் துல்லியம் 95.2%-லிருந்து 87.3% ஆகக் குறைந்தது. இந்த விலை இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. கண் பரிசோதனை முகாமில் அந்த விலையைக் கொடுப்பவர், யாரும் தாக்காத சாதாரண நாளில், நோய் இருந்தும் "வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பப்படும் நோயாளி. அதனால் எல்லா இடத்திலும் உறுதியான மாடல்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குறைந்தபட்ச எண் எதையும் நிபந்தனையாக்காமல், எண்ணை வெளிப்படையாகக் கேளுங்கள், அதை நம்பத்தகுந்த விதத்தில் அளக்கச் சொல்லுங்கள், எண் மோசமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சுற்றியுள்ள ஏற்பாட்டை அமையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அளப்பதைப் பற்றி. விற்பனையாளர் அல்லாத ஒரு சோதனையாளரிடம், இரகசிய ஒப்பந்தத்தோடு, மாடலின் எடைகள் முழுதாகத் தரப்பட வேண்டும். வெளியிலிருந்து கேள்வி மட்டும் கேட்டுப் பார்க்கும் சோதனை போதாது. தாக்குதல் மாடலை மட்டுமல்லாமல், படம் போகும் பாதை முழுவதையும் குறிவைக்க வேண்டும்: அளவு மாற்றுதல், ஓரம் வெட்டுதல், ஒளிமாறுபாட்டைக் கூட்டுதல், மங்கல் படத்தை மறுக்கும் தரச் சோதனை எல்லாம் அதில் அடக்கம். குரோச்சியும் ஹைனும் 2020-இல் வெளியிட்ட ஆட்டோஅட்டாக் போன்ற பொதுத் தொகுப்பு தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் அந்தப் பாதையின் தனித்தன்மைக்கு ஏற்பத் தைத்த தாக்குதலும் கூட வேண்டும். ஒற்றை எண்ணுக்குப் பதில், 255-இல் 1, 2, 4, 8 படி என்று மாற்றம் கூடக்கூடத் துல்லியம் எப்படி விழுகிறது என்ற வரைபடத்தைக் கேளுங்கள். எட்டுப் படி என்பது விழித்திரைப் படத்தின் சமமான, இருண்ட பகுதிகளில் கூர்ந்து பார்ப்பவருக்குத் திட்டுத் திட்டாகத் தெரியக்கூடும், ஒரு படி யாருக்கும் தெரியாது. உங்கள் மருத்துவர்களே அந்தப் படங்களைப் பார்த்து எந்த அளவு வரை தெரியவில்லை என்று குறித்துத் தரலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும், கணக்கு அலுவலர்கூடப் பார்த்துவிடக்கூடிய சில அடையாளங்கள் உண்டு. பல படித் தாக்குதலைவிட ஒற்றைப் படித் தாக்குதல் மாடலை அதிகம் பாதித்ததாக அறிக்கை சொன்னால், அளவீட்டில் கோளாறு. எடைகள் தெரிந்த தாக்குதலைவிட, தெரியாத தாக்குதல் அதிக வெற்றி பெற்றிருந்தால், கிரேடியன்ட் மறைந்திருக்கிறது. மாற்றத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் துல்லியம் கடைசியில் சுழியத்துக்கு வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அளவே இல்லாமல் மாற்ற அனுமதித்தால் ஒரு கண்ணின் படத்தை வேறொரு கண்ணின் படமாகவே ஆக்கிவிடலாம். வரைபடம் எங்காவது 60 சதவீதத்தில் தட்டையாக நின்றுவிட்டால், தாக்குதல் வேலை செய்யவில்லை என்றுதான் பொருள், மாடல் வலுவானது என்று பொருள் இல்லை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

சுற்றியுள்ள ஏற்பாட்டைப் பற்றி. கேமராவிலேயே, படம் எடுத்த நொடியில், அதற்கு டிஜிட்டல் கையொப்பம் இடப்பட வேண்டும். மாடல் படத்தைத் திறக்கும் முன் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒரு பிக்சல் ஒரு படி மாறியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தைக் கண்டுபிடிக்க மாடலைவிட இது பல மடங்கு எளிது, துல்லியத்தில் எந்த இழப்பும் இல்லை. வழியில் எந்த மென்பொருளும் படத்தைச் சுருக்கவோ திருத்தவோ கூடாது என்பது இதன் நிபந்தனை, அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அப்புறம், மனிதக் கண்ணைப் பயன்படுத்துங்கள். குறிவைத்த இரைச்சல் மாடலைத்தான் ஏமாற்றுகிறது, படம் படிக்கப் பயிற்சி பெற்றவரை அல்ல. மாற்றப்பட்ட படத்திலும் இரத்தக்கசிவு அவருக்கு அப்படியே தெரியும். பல இடங்களில் மாடல் சந்தேகப்பட்ட படங்களை மட்டும் மனிதரிடம் அனுப்புகிறார்கள். தாக்கப்பட்ட படத்தில் மாடலுக்குச் சந்தேகமே இல்லாமல் போகலாம் என்பதைப் பாண்டா கதையில் பார்த்தோம். அதனால் மாடல் உறுதியாகச் சொன்ன படங்களிலிருந்தும், குலுக்கல் முறையில், 5% எடுத்து மனிதர் படிக்க வேண்டும். விடை எதுவாக இருந்தது என்று அவருக்குத் தெரியக் கூடாது. ஒரு மாவட்டத்தில் 60 படங்கள் மாற்றப்பட்டிருந்தால், இந்த 5% குலுக்கலில் ஒன்றுகூட மாட்டாமல் போகும் வாய்ப்பு 0.95-ஐ 60 முறை பெருக்கினால் கிடைக்கும், சுமார் 4.6%. அதாவது, ஏறத்தாழ 95% வாய்ப்பில் ஒன்றாவது கையில் கிடைக்கும். கையொப்பம் பொருந்தி, மனிதர் நோயைக் கண்டு, மாடல் மறுத்த படம் ஒன்று கிடைத்தால் அது மாடலின் இயல்பான பிழை. கையொப்பம் இல்லாமலோ பொருந்தாமலோ இருந்தால், அந்தப் பாதையில் வந்த எல்லாப் படங்களையும் திரும்பப் படிக்க வேண்டும். அதற்காகவே கேமராவிலிருந்து வந்த மூலப் படம் அழியாமல் சேமிக்கப்பட வேண்டும்.

கடைசியாக ஒன்று. மாடலைப் புதுப்பித்தால் எடைகள் மாறும், எடைகள் மாறினால் மேலே சொன்ன அளவீடு எதுவும் புதிய பதிப்புக்குப் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் அதே வரைபடம் புதிதாகத் தரப்பட வேண்டும், அதுவரை பழைய பதிப்பே ஓட வேண்டும், சோதனைச் செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இந்தப் பகுதியின் வாசகங்களை எழுத உங்கள் பொறியாளர்களோடு உட்கார நான் தயாராக இருக்கிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம், எந்த விற்பனையாளரோடும் எனக்குத் தொடர்பில்லை.

இப்படிக்கு,
படம் பார்க்கும் மாடல்களைச் சோதிக்கும் ஒரு பொறியாளர்